பின்னால் கேட்க வேண்டிய சத்தம் பக்கத்தில் கேட்டால்: ரிசீவரில் தூரமும் லெவலும் சரிசெய்வது எப்படி

எதிரி உங்களுக்கு நேர் பின்னால் வருகிறான். காலடிச் சத்தமோ இடது தோளுக்குப் பக்கத்தில் கேட்கிறது. கேமராவை இடப்பக்கம் திருப்பினால் அங்கே யாரும் இல்லை, அதற்குள் சுட்டுவிடுகிறான். 5.1 ஸ்பீக்கர் செட் வைத்துக் கன்சோலில் விளையாடும் பலருக்கும் இது பழக்கமான தொல்லை. இதே செட்டில் சினிமா பார்த்தால் குறை எதுவும் தெரியாது. சினிமாவில் சத்தம் எங்கிருந்து வர வேண்டும் என்று நம்மிடம் கணக்கு கிடையாது, வந்த இடத்திலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்வோம். விளையாட்டில் கேமராவைத் திருப்புவது நாம்தான். அதனால் கண்ணும் காதும் சொல்வது பொருந்தவில்லை என்றால் உடனே தெரிந்துவிடுகிறது.

எந்த மெனுவையும் தொடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். விளையாட்டுக்குள் ஓரிடத்தில் நின்று விடாமல் ஒலிக்கும் ஏதாவது ஒன்றைத் தேடுங்கள்: எரியும் நெருப்பு, அருவி, ஓடும் ஜெனரேட்டர். பின்னணி இசையை விளையாட்டின் அமைப்பில் அணைத்துவிடுங்கள். நெருப்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று கேமராவை மட்டும் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். சத்தம் உங்களைச் சுற்றி ஒரே சீராக நகர வேண்டும். எங்கே ஒட்டிக்கொள்கிறது, எங்கே தாவுகிறது, எங்கே திடீரென்று பெரிதாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள அறிகுறிகள் பெரும்பாலும் இந்தச் சுற்றில் கேட்பவைதான்.

அறிகுறி: சுற்றும்போது பின்னால் எதுவுமே போகவில்லை, அல்லது எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்

இது தூரமோ லெவலோ சம்பந்தப்பட்ட கோளாறு அல்ல. ரிசீவருக்கு ஆறு சேனல் வந்து சேரவே இல்லை. இந்த நிலையில் ட்ரிம்மை, அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கரின் லெவலை, திருகுவது வீண் வேலை.

கன்சோலை டிவியில் செருகி, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ ஒயரின் ஏஆர்சி வழியாக ரிசீவருக்கு ஒலியை அனுப்புபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சாதாரண ஏஆர்சியில் அமுக்கப்படாத பிசிஎம் ஒலி இரண்டு சேனலுக்கு மேல் போகாது. டால்பி டிஜிட்டல் போல அமுக்கிய 5.1 மட்டும்தான் போகும். அதன் புதிய வடிவமான இஏஆர்சி இருந்தால் இந்தத் தடை இல்லை. நிண்டெண்டோ ஸ்விட்ச் 5.1 ஒலியைப் பிசிஎம் ஆகத்தான் தருகிறது என்பதால் சாதாரண ஏஆர்சியில் அதற்குச் சரவுண்ட் கிடைக்காது. எளிய வழி, கன்சோலை நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐ இன்புட்டில் செருகுவது.

பிளேஸ்டேஷன் 5-இல் `Settings` → `Sound` → `Audio Output` போய் `HDMI Device Type` என்பதில் `AV Amplifier` தேர்ந்தெடுங்கள், `Audio Format (Priority)` என்பதில் `Linear PCM`. எக்ஸ்பாக்ஸில் `Volume & audio output` பக்கத்தில் `5.1 uncompressed`. அப்புறம் விளையாட்டுக்குள்ளும் ஒரு ஒலி அமைப்பு இருக்கும். அது ஹெட்ஃபோன் என்று இருந்தால் காதுக்கென்று பிசைந்த இரண்டு சேனல் ஒலியைத்தான் அனுப்பும். அதை ஹோம் தியேட்டர் அல்லது சரவுண்ட் ஸ்பீக்கர் என்று மாற்றுங்கள்.

ஆறு சேனல் வருகிறதா என்பதை ரிசீவரே சொல்லும். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ரிமோட்டின் `INFO` பட்டனை அழுத்தினால் உள்ளே வரும் சிக்னல் `3/2/.1` என்று தெரிய வேண்டும்: முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, சப்வூஃபருக்கு ஒன்று. கேட்கும் மோடு `Multi Ch Stereo` என்று இருந்தால் ஸ்டீரியோவையே எல்லா ஸ்பீக்கருக்கும் படியெடுத்துக் கொடுக்கிறது என்று பொருள். பண்டிகை நாளில் வீடு முழுக்கப் பாட்டு ஒலிக்க நல்ல மோடுதான், காலடிச் சத்தத்துக்கு உதவாது.

அறிகுறி: முன்னால் சரி, பின்னால் மட்டும் இடம் வலம் மாறிக் கேட்கிறது

ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓட விடுங்கள். திரையில் வலது சரவுண்ட் என்று காட்டும்போது இடது ஸ்பீக்கர் இரைந்தால் ஒயர் மாறியிருக்கிறது. டோன் சரியான ஸ்பீக்கரில் வந்து, விளையாட்டில் மட்டும் மாறிக் கேட்டால், வேறொரு விளையாட்டில் சோதித்துப் பாருங்கள். ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் சரி என்று டெஸ்ட் டோன் ஏற்கெனவே காட்டிவிட்டது.

இடம் வலம் சரியாக இருந்தும், பின்னால் வரும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல் தலையைச் சுற்றிப் பரவினால், ஒரு சரவுண்ட் ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். டெஸ்ட் டோனில் இது தெரியாது, ஏனென்றால் டோன் ஒவ்வொரு ஸ்பீக்கராகத்தான் வரும். இரண்டு முனையிலும் ஒயர் நிறத்தைப் பாருங்கள்.

அறிகுறி: பின்னால் போகும் சத்தம் எப்போதும் ஒரே பக்கம் ஒட்டிக்கொள்கிறது

இதுதான் மிகப் பரவலான கோளாறு, மிகத் தவறாகத் திருத்தப்படுவதும் இதுதான். இடப்பக்கம் ஒட்டுகிறதா, சரி, இடது சரவுண்டின் லெவலைக் குறைப்போம் என்று தோன்றும். குறைத்தால் இடது சத்தம் மெலிகிறது, ஆனால் ஒட்டல் போவதில்லை. இன்னும் குறைத்தால் இடது பக்கத்தில் நிற்கும் எதிரியின் சத்தமே கேட்காமல் போகிறது. காரணம், ஒட்ட வைப்பது பெரும்பாலும் லெவல் அல்ல, நேரம்.

ஒரே சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலிருந்து வந்தால் எது முதலில் காதை எட்டுகிறதோ அதன் திசையிலிருந்துதான் வருகிறது என்று மூளை முடிவுகட்டுகிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் தன் முனைவர் ஆய்வில் இதை அளந்தார். சுமார் 10 முதல் 20 மில்லிவினாடி தாமதித்து வரும் இரண்டாவது ஒலி, முதலாவதைவிட 10 டெசிபல் கூடுதலாக இருந்தாலும் தனி ஒலியாகக் காதில் உறுத்துவதில்லை. வெறும் 1 மில்லிவினாடி முந்தினாலே போதும், ஒலி கிட்டத்தட்ட முழுதாக அந்த ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆக 1 மில்லிவினாடி என்பது 34 சென்டிமீட்டர், ஓரடிக்குச் சற்று மேல். சோபாவை ஓரடி நகர்த்தினால் கெட்டுப்போகும் அளவுக்கு நுட்பமான விஷயம் இது.

ரிசீவரில் நாம் கொடுக்கும் தூரம் இந்த நேரத்தைச் சரிசெய்யத்தான். இருப்பதிலேயே தொலைவில் உள்ள ஸ்பீக்கருக்குத் தாமதம் எதுவும் சேர்க்காமல், மற்றவற்றை அதற்குச் சமமாகும் வரை ரிசீவர் நிறுத்தி வைக்கிறது. கணக்கு இவ்வளவுதான், தூரம் மீட்டரில்:

```
தாமதம் (மில்லிவினாடி) = (மிகத் தொலைவான தூரம் − இந்த ஸ்பீக்கரின் தூரம்) ÷ 0.343
```

ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். முன் இடதும் வலதும் தலையிலிருந்து 2.9 மீட்டர், சென்டர் 2.7. இடது சரவுண்ட் சோபாவின் கைப்பிடிக்குச் சற்றுப் பின்னால் ஸ்டாண்டில், 1.2 மீட்டரில் இருக்கிறது. வலப்பக்கம் பால்கனிக் கதவு இருப்பதால் வலது சரவுண்டை அதைத் தாண்டிச் சுவரில் மாட்ட வேண்டியதாயிற்று, அது 2.4 மீட்டர். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கருக்கும் 3.0 மீட்டர் என்றே விட்டிருக்கிறார்கள். அதாவது ரிசீவர் எதையும் நிறுத்தி வைக்கவில்லை.

இந்த ஹாலில் நெருப்பை நேர் பின்னால் வைத்தால், விளையாட்டு இரண்டு சரவுண்டுக்கும் ஒரே அளவு ஒலியை ஒரே நொடியில் அனுப்புகிறது. இடது ஒலி 1.2 மீட்டர் முந்தி வந்துவிடுகிறது, நேரத்தில் 3.5 மில்லிவினாடி. பாதித் தூரத்தில் இருப்பதால் அது பலமாகவும் கேட்கிறது. திறந்தவெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். அறைக்குள் சுவர் எதிரொலி சேர்வதால் வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருக்கும். நேரமும் லெவலும் சேர்ந்து இடப்பக்கம் இழுக்கும்போது நெருப்பு இடது ஸ்டாண்டுக்குள்ளேயே குடியிருப்பது போலக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் தூரம். டேப்பின் ஒரு முனையை ஸ்பீக்கரின் முகப்பில் வைத்து, மறுமுனையை விளையாடும்போது தலை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சுவர்வரையோ சோபாவின் முதுகுவரையோ அளப்பது பொதுவான தவறு. உட்கார்ந்து முன்னால் சாய்ந்து விளையாடுபவர் என்றால் சாய்ந்த நிலையில் தலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அளக்க வேண்டும். இன்னொருவர் டேப்பைப் பிடித்தால் வேலை சுலபம். டெனானில் `Setup` → `Speakers` → `Manual Setup` → `Distances`. யமஹாவிலும் `Manual Setup` கீழே `Distance` இருக்கும். நம் ஹாலின் எண்களைக் கொடுத்ததும் இடது சரவுண்டை ரிசீவர் 5 மில்லிவினாடியும், வலதை ஒன்றரையும், சென்டரை அரை மில்லிவினாடிக்குச் சற்று மேலும் நிறுத்தி வைக்கும். ஐந்தும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்.

லெவலைத் தொடாமல் இப்போதே நெருப்பை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பாதி ஒட்டல் போயிருக்கும். மிச்சம் இருப்பது லெவல்.

`Levels` பக்கத்தில் டெஸ்ட் டோனை ஓட விட்டு, மொபைலில் ஒரு சத்த அளவி ஆப்பை வைத்து அளக்கலாம். சி வெயிட்டிங், ஸ்லோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மொபைலைக் கையில் பிடிக்காமல், தலை உயரத்தில் முக்காலியிலோ அடுக்கிய தலையணை மேலோ வைத்து, மைக் கூரையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மொபைலைத் திருப்பக் கூடாது. மொபைல் காட்டும் எண் உண்மையான டெசிபலாக இருக்காது. அது கவலையில்லை, நமக்கு வேண்டியது ஐந்துக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும். நம் ஹாலில் முன் மூன்றும் 72, இடது சரவுண்ட் 74, வலது 70 என்று வந்தால், இடதில் 2 டெசிபல் குறைத்து வலதில் 2 கூட்டினால் முடிந்தது. சப்வூஃபருக்கு மட்டும் மொபைலை நம்ப வேண்டாம், அதன் மைக் தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிக்காது.

இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால் காதால் நுணுக்கிச் சரிசெய்யலாம். இங்கேதான் பலர் எதிர்ப்பக்கம் போகிறார்கள். மெனுவில் தூர எண்ணைக் கூட்டினால் ஸ்பீக்கர் தொலைவில் இருப்பதாக ரிசீவர் நினைத்து ஒலியை முன்கூட்டியே விடுகிறது. எண்ணைக் குறைத்தால் இன்னும் நிறுத்தி வைக்கிறது. ஆகவே சத்தம் இடப்பக்கம் ஒட்டினால் இடது சரவுண்டின் தூர எண்ணைக் குறைக்க வேண்டும், 5 சென்டிமீட்டர் 5 சென்டிமீட்டராக. 30 சென்டிமீட்டர் வரை குறைத்தும் நகரவில்லை என்றால் தூரம் காரணம் இல்லை. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே சோபாவின் உயர்ந்த முதுகு மறைக்கிறதா என்று பாருங்கள். மறைத்தால் எந்த எண்ணும் அதைச் சரிசெய்யாது.

பின் ஸ்பீக்கர்கள் வயர்லெஸ் என்றால் டேப் உதவாது. அனுப்பிப் பெறும் கருவியே ஒரு தாமதத்தைச் சேர்க்கிறது. அது 20 மில்லிவினாடி என்று வைத்தால், கிட்டத்தட்ட 7 மீட்டர் தூரத்துக்குச் சமம். ரிசீவரின் மைக் வைத்துத் தானியங்கி அளவீட்டை ஓட்டினால் அது இந்தத் தாமதத்தையும் சேர்த்தே பிடிக்கும், எண் அறையைவிடப் பெரிதாக வந்தாலும் மாற்றாதீர்கள். ஆனால் டெனானில் ஸ்பீக்கர்களுக்கு இடையே 6 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கொடுக்க முடியாது. அதைத் தாண்டினால் ஒயர் இழுப்பதுதான் வழி.

அறிகுறி: பக்கவாட்டில் சத்தம் முன்னிருந்து பின்னுக்குத் தாவுகிறது

நெருப்பு முன் இடதிலிருந்து இடது சரவுண்டுக்குப் போகும் வழியில் நடுவில் நிற்காமல் தாவினால், முன் ஸ்பீக்கருக்கும் சரவுண்டுக்கும் லெவல் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒத்துப்போகிறது என்றால் அதற்கு மேல் ட்ரிம்மில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நம் காது திசையை அறிவது இரண்டு காதுக்கும் வரும் ஒலியின் வித்தியாசத்தை வைத்து. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது அந்த வித்தியாசம் அதிகம் மாறுவதில்லை, அதனால் அவற்றுக்கு நடுவில் ஒரு ஒலியை நிலையாக நிறுத்துவது கடினம். இது 5.1 அமைப்பின் எல்லை. நேர் பின்னாலும் அப்படித்தான்; முன்னால் சென்டரில் வரும் பேச்சுபோல அது கூர்மையாக ஒரு புள்ளியில் நிற்காது.

இதில் உதவக்கூடியது ஸ்பீக்கர் இருக்கும் கோணம். 5.1-க்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பரிந்துரை சரவுண்டுகளை நேர் முன்னிலிருந்து 100 முதல் 120 டிகிரியில் வைக்கச் சொல்கிறது, அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால். பலர் சோபாவுக்குப் பின்சுவரின் இரண்டு மூலையில் மாட்டிவிடுகிறார்கள். அங்கே வைத்தால் பின்னால் வரும் சத்தம் நன்றாக இருக்கும், பக்கவாட்டில் பெரிய ஓட்டை விழும். தூர அமைப்பு நேரத்தை மட்டும்தான் மாற்றும், ஸ்பீக்கரை அரை அங்குலம்கூட நகர்த்தாது.

அறிகுறி: அளந்ததெல்லாம் சரி, ஆனால் விளையாடும்போது பின்னால் மட்டும் காதைப் பிளக்கிறது

இரவில் மட்டும் இப்படி என்றால் `Dynamic EQ` காரணமாக இருக்கும். ஆடிசி என்ற தானியங்கி ஒலிச் சரிசெய்தல் உள்ள ரிசீவர்களில் இது, வால்யூம் குறையக் குறைய சரவுண்டுகளைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கிறது. சினிமாவுக்கு அது நல்லது. மெதுவான வால்யூமில் விளையாடும்போது பின்னால் வருபவன் தோள்மேல் ஏறி நிற்பதுபோல் இருக்கும். கன்சோல் இன்புட்டில் அதை அணைத்துப் பாருங்கள், அல்லது `Reference Level Offset` என்பதை 10 அல்லது 15 டெசிபலுக்கு ஏற்றுங்கள். விளையாட்டுக்கு அணைப்பதே மேல் என்பது என் எண்ணம்.

பகலிலும் அப்படியே என்றால் `Option` → `Channel Level Adjust` பக்கத்தைப் பாருங்கள். டெனானில் இது `Levels` அமைப்பிலிருந்து தனி. இங்கே மாற்றியது அந்த இன்புட்டுக்கு மட்டும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் யாரோ ஒருநாள் பின் ஸ்பீக்கரைத் தூக்கிவிட்டிருந்தால் டெஸ்ட் டோனில் எல்லாம் சமமாகக் காட்டும், விளையாட்டில் மட்டும் கோணலாகக் கேட்கும். மணிக்கணக்காக `Levels` பக்கத்தில் முட்டிக்கொள்பவர்கள் கடைசியில் கண்டுபிடிப்பது இதைத்தான்.

அறிகுறி: வெடிச்சத்தம் எல்லாம் அறையின் ஒரு மூலையிலிருந்து வருகிறது

மூலையில் இருப்பது சப்வூஃபர். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதுக்குத் திசை தெரிவது கடினம், ஆனால் எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கிராஸ்ஓவரைச் சின்ன சாட்டிலைட் ஸ்பீக்கர்களுக்கு 150 வரை ஏற்றியிருந்தால் திசை காட்டும் ஒலியும் சப்வூஃபருக்குப் போய்விடும். ஸ்பீக்கர் தாங்கும் அளவுக்குக் கிராஸ்ஓவரை இறக்குங்கள், சப்வூஃபர் லெவலையும் இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள்.

சப்வூஃபர் தூரத்தைப் பற்றி ஒன்று. தானியங்கி அளவீடு 3 மீட்டரில் இருக்கும் சப்வூஃபருக்கு 4.6 மீட்டர் என்று காட்டினால் அது பிழை அல்ல. சப்வூஃபருக்குள் இருக்கும் ஃபில்டரும் ஒலியைத் தாமதப்படுத்துகிறது, மைக் அதையும் சேர்த்தே அளக்கிறது. டேப் வைத்துத் திருத்தினால் கெடும். லெவல் −12 என்று கீழ் எல்லையில் முட்டி நின்றால் மட்டும், சப்வூஃபரின் பின்புறம் உள்ள வால்யூம் குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி அளவீட்டை ஓட்டுங்கள். ஓட்டும் முன் `Distances`, `Levels` இரண்டு பக்கத்தையும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மறு அளவீடு நீங்கள் கையால் வைத்த எண்களை எல்லாம் அழித்துவிடும்.